கிரவுன் ஒட்ட எந்த சிமெண்ட்? பலமா, கரையாததா, வழிந்ததை எடுக்க எளிதானதா?

கோவை_கடைவாய் | 3 ஜூன் 2024, இரவு 9:40

கீழ் வலது இரண்டாவது மோலார், வேர்சிகிச்சை முடிந்த பல். ஜிர்கோனியா கிரவுன் செய்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டான ஜி.ஐ.சி. போட்டு ஒட்டியிருந்தேன். ஐந்தாவது மாதம் கிரவுனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். கிரவுன் உடையவில்லை, உள்ளே சொத்தையும் இல்லை. சும்மா கழன்றிருக்கிறது. இந்த வருஷம் இப்படி வருவது இது முதல் ஆள் இல்லை.

ரெசின் சிமெண்டுக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் வழிந்ததை எடுப்பது பெரும்பாடு என்கிறார்கள். அமுக்கு வலிமை, கரைதிறன், சுத்தம் செய்யும் வசதி மூன்றையும் ஒரே அட்டவணையில் யாராவது போட்டால் போதும். கம்பெனி ஆட்கள் தரும் அட்டவணையில் எப்போதும் அவர்கள் சரக்குதான் முதலிடம்.

ரெசின்_ராஜா | 3 ஜூன், இரவு 10:15

யோசிக்கவே வேண்டாம், மாறுங்கள். ஜி.ஐ.சி. உமிழ்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதனால்தான் கழல்கிறது. ரெசின் 200 மெகாபாஸ்கல் வரை போகும், கரையவும் கரையாது. நான் எல்லாக் கிரவுனுக்கும் தானாகவே பல்லில் ஒட்டும் செல்ஃப் அட்ஹெசிவ் ரெசின்தான் போடுகிறேன். மற்றதெல்லாம் அலமாரியில் காலாவதியாகிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிப்பலகை | 3 ஜூன், இரவு 11:52

அட்டவணை கேட்டீர்கள். பாடநூல்களில் ஏறக்குறைய இப்படி இருக்கும். அமுக்கு வலிமையில் பாலிகார்பாக்சிலேட் 55 முதல் 85 மெகாபாஸ்கல், ஜிங்க் பாஸ்பேட் 80 முதல் 110, கிரவுன் ஒட்டுவதற்கான லூட்டிங் ஜி.ஐ.சி. 90 முதல் 150, ரெசின் கலந்த ஜி.ஐ.சி. கிட்டத்தட்ட அதே எல்லையில். ரெசின் சிமெண்டுக்கு 50 என்றும் போட்டிருப்பார்கள், 200-க்கு மேல் என்றும் போட்டிருப்பார்கள். அத்தனை அகலமான எல்லையை வைத்துக்கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிரவுனை யாரும் அமுக்கிக் கழற்றுவதில்லை. கமர்கட்டு கடித்து வாயைத் திறக்கும்போது அது மேல்நோக்கி இழுபடுகிறது. ஓரமாகக் கடிக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து எழும்பப் பார்க்கிறது. அமுக்கில் 100 தாங்கும் ஜிங்க் பாஸ்பேட், இழுப்பில் 5 மெகாபாஸ்கலை ஒட்டித்தான் தாங்கும். பல்லோடு வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. அதை வைத்து ஒட்டிய தங்கக் கிரவுன்கள் முப்பது வருஷம் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். அங்கே வேலை செய்தது சிமெண்ட் அல்ல, செதுக்கிய பல்லின் வடிவம். பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட இணையாக நின்றால், கிரவுன் ஒரே திசையில்தான் கழல முடியும். சிமெண்ட் அந்த ஒரு வழியை அடைத்தால் போதும்.

அதனால் முதலில் எனக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். செதுக்கிய பிறகு பல்லின் உயரம் எவ்வளவு? கழன்று வந்தபோது சிமெண்ட் எங்கே இருந்தது, பல்லிலா, கிரவுனுக்கு உள்ளேயா?

செங்கல்_சிவில் | 4 ஜூன், காலை 7:05

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். 53 கிரேடு வாங்குங்கள், தண்ணீரைக் குறையுங்கள், ஏழு நாள் கியூரிங் விடுங்கள், ஒன்றும் கழலாது என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் பல் என்று புரிந்தது. ஆனால் 100 மெகாபாஸ்கல் என்று எழுதியிருப்பது நிஜமா? எங்கள் 53 கிரேடு என்பது 28 நாள் கழித்து 53 மெகாபாஸ்கல். வாய்க்குள் அதைவிட இரண்டு மடங்கா?

கண்ணாடிப்பலகை | 4 ஜூன், காலை 8:20

நிஜம்தான் சார். ஆனால் நீங்கள் அடி கணக்கில் ஊற்றுகிறீர்கள், நாங்கள் 25 மைக்ரானில் பூசுகிறோம். லூட்டிங் சிமெண்டின் படலம் அதைத் தாண்டக்கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. தரம், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. படலம் தடித்தால் கிரவுன் முழுதாக உட்காராமல் கடிக்கும்போது தட்டும்.

தண்ணீரைக் குறையுங்கள் என்றீர்களே, அந்த ஒரு வரி எங்களுக்கும் அப்படியே பொருந்தும். கையால் கலக்கும் ஜி.ஐ.சி.யில் வழக்கமாக ஒரு ஸ்கூப் பொடிக்கு இரண்டு சொட்டுத் திரவம். கலவை கெட்டியாக இருக்கிறதே என்று மூன்றாவது சொட்டு விடுகிற கை ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்கும். அந்தச் சொட்டு வலிமையைக் குறைக்கும், கரைதிறனைக் கூட்டும், இறுகும் நேரத்தை நீட்டும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டில் காற்று புகுந்து அளவு மாறும், செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். பொடி டப்பாவைத் தட்டிக் குலுக்காமல் எடுத்தால் ஸ்கூப்பில் பொடி குறையும்.

கோவை டாக்டர், உங்கள் கிளினிக்கில் சிமெண்ட் கலப்பது யார்?

கோவை_கடைவாய் | 4 ஜூன், மதியம் 2:30

கலப்பது அசிஸ்டெண்ட் அக்கா. இன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு சொட்டு விட்டார், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மூன்றாவதை நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

உயரம் கன்னப்பக்கம் 3 மி.மீ., பின்பக்கம் 2-ஐ ஒட்டி. கடைசிப் பல், இடம் அவ்வளவுதான். சிமெண்ட் எங்கே இருந்தது என்று அன்று கவனிக்கவில்லை. கிரவுனை டெம்பரரி சிமெண்டில் வைத்து அனுப்பியிருக்கிறேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அன்று எடுத்த படங்கள் போனில் இருக்கின்றன, பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

ரெசின்_ராஜா | 4 ஜூன், மதியம் 3:10

உயரம் 3, பின்னால் 2 என்றால் நான் சொன்னதுதான். வடிவம் இல்லாத இடத்தில் ஒட்டுகிற சிமெண்ட் வேண்டும். கரையும் சரக்கை வைத்துக்கொண்டு பல்லின் வடிவத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கண்ணாடிப்பலகை | 4 ஜூன், இரவு 10:40

ராஜா, முதல் பாதி சரி. மோலாருக்கு 4 மி.மீ. உயரம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு, இங்கே அது இல்லை. அதனால் ஒட்டும் சிமெண்ட் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

கரைவதைப் பற்றிச் சொன்னதுதான் ஒத்துவரவில்லை. 24 மணி நேரம் காய்ச்சி வடித்த நீரில் போட்டுப் பார்க்கும் பழைய சோதனையில், ஜிங்க் பாஸ்பேட்டைவிட ஜி.ஐ.சி. அதிகம் இழப்பது போலத் தெரியும். அந்த எண்தான் பல இடங்களில் சுற்றுகிறது. அமிலக் கரைசலைப் பீய்ச்சி அரிக்கும் சோதனையில் வரிசை தலைகீழாகும்: ஜி.ஐ.சி. குறைவாக அரிபடும், ஜிங்க் பாஸ்பேட் அதற்கு மேல், பாலிகார்பாக்சிலேட் அதற்கும் மேல். வாய்க்குள் நீண்ட நாள் வைத்துப் பார்த்தபோதும் இதே வரிசைதான். காரணம் சாதாரணம். ஜி.ஐ.சி. தண்ணீரில் இழப்பதெல்லாம் பெரும்பாலும் இன்னும் முற்றாத முதல் மணிநேரங்களில்தான். முற்றிய பிறகு உமிழ்நீர் அதை ஒன்றும் செய்வதில்லை. கிரவுன் பல்லோடு சேரும் விளிம்பான மார்ஜினில் படியும் அழுக்கு உண்டாக்கும் அமிலம்தான் அரிக்கிறது, அதுவும் மார்ஜின் திறந்திருந்தால்தான் வேகமாக.

ஆகவே ஜி.ஐ.சி. கரைந்து ஐந்தே மாதத்தில் ஒரு கிரவுன் விழாது. ஒட்டிய ஐந்து நிமிஷத்துக்குள் எச்சிலில் நனைந்திருந்தால் விழலாம். கீழ்க் கடைசி மோலாரில் நாக்கு ஒரு பக்கம், எச்சில் ஊற்று ஒரு பக்கம். பஞ்சு ஊறிப்போய் மார்ஜின் நனைந்தால் அந்த விளிம்பு சிமெண்ட் சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும். இறுகியதும் மார்ஜினில் வார்னிஷோ வாசலினோ தடவச் சொல்வது இதற்குத்தான். இறுகும் வரை நனையவிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

ரெசின் கரையாது என்பது ஏறக்குறைய உண்மை. ஆனால் ஒட்டும் நேரத்தில் நனைந்தால் அதன் பிணைப்பும் போய்விடும். கரையாத சிமெண்ட் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

வேக்ஸ்கத்தி | 5 ஜூன், காலை 6:30

லேப் ஆள். மதுரை. டாக்டர்கள் பேசும்போது குறுக்கே வருவதற்குக் காரணம் உண்டு. ஜிர்கோனியா கிரவுன் லேபிலிருந்து வரும்போது உள்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்களா? மில்லில் அறுத்து சின்டர் செய்த பரப்பு வழுவழு என்று இருக்கும். மேட் ஆகத் தெரிய வேண்டும் என்றால் அலுமினா பீய்ச்சி சாண்ட்பிளாஸ்ட் செய்ய வேண்டும். 50 மைக்ரான் பொடி, அழுத்தம் 2 பாருக்குள். சில லேப்களில் அது தானாக நடக்கும், சில லேப்களில் ஆர்டர் சீட்டில் எழுதினால்தான் நடக்கும். எழுதாத டாக்டர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் சிமெண்டுக்கு விடும் இடைவெளி குறைவாக இருந்தால் கிரவுன் இறுக்கமாக உட்காரும், டாக்டர் சந்தோஷப்படுவார். சிமெண்ட் போட்டதும் வழிய இடமில்லாமல் கிரவுன் உயர்ந்து நிற்கும். அப்போது எங்களுக்கு போன் வரும்.

திருச்சி_வாசகர் | 5 ஜூன், காலை 11:15

நான் டாக்டர் இல்லை, பல்லுக்கு கேப் போட்டவன். இம்பிளாண்ட் வைத்து அதன்மேல் கேப். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த இடத்தில் ஈறு தொட்டால் ரத்தம், காலையில் எழுந்தால் வாயில் ஒரு கெட்ட சுவை. சரியாகத் துலக்கவில்லை என்றார்கள். பிரஷ் மாற்றினேன், மவுத்வாஷ் மாற்றினேன். கடைசியில் வேறொரு டாக்டர் ஈறுக்கு அடியிலிருந்து அரிசி நொய் போல ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்தார். சிமெண்ட் என்றார். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. என் கேள்வி: எக்ஸ்ரே எடுத்துத்தானே அனுப்பினார்கள், அதில் எப்படித் தெரியவில்லை?

கண்ணாடிப்பலகை | 5 ஜூன், இரவு 9:15

திருச்சி சார், எக்ஸ்ரே பக்கவாட்டு நிழலைத்தான் காட்டும். கன்னப்பக்கமோ நாக்குப் பக்கமோ ஒட்டியிருந்தால் இம்பிளாண்டின் உலோக நிழலுக்குள் மறைந்துவிடும். ஓரத்தில் இருந்தாலும் ஜிங்க் உள்ள சிமெண்ட் நன்றாக வெளுப்பாகத் தெரியும், சில ரெசின் சிமெண்டுகள் மெல்லிய துண்டாக இருந்தால் தெரியவே தெரியாது.

உங்கள் கதை அபூர்வமானது இல்லை. தாமஸ் வில்சன் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஈறு வீங்கிய இம்பிளாண்ட்களைச் சிறிய எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தார். 81 விழுக்காட்டில் மிஞ்சிய சிமெண்ட் இருந்தது. அதை எடுத்த இடங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது.

ராஜா இதைப் படிக்கட்டும். வலிமையும் கரையாமையும் கூடக் கூட, மறந்துவிட்ட ஒரு துண்டு அதே அளவுக்குப் பிடிவாதமாக அங்கேயே கிடக்கும். கரையாது என்பது மார்ஜினுக்கு உள்ளே நல்ல குணம், மார்ஜினுக்கு வெளியே அதே குணம்தான் தொல்லை.

ரெசின்_ராஜா | 5 ஜூன், இரவு 9:50

படித்தேன். இம்பிளாண்ட் வேறு, பல் வேறு. இம்பிளாண்டில் ஈறு இறுகப் பிடிக்காது, மார்ஜினும் ஆழத்தில் இருக்கும். இயற்கைப் பல்லில் மார்ஜின் ஈறு மட்டத்தில் இருந்தால் ரெசினை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. லைட்டை இரண்டு விநாடி காட்டுகிறேன், ஜெல்லாக மாறுகிறது, ஸ்கேலரை வைத்து இழுத்தால் நாடா போல வருகிறது. எங்கே கஷ்டம்?

கண்ணாடிப்பலகை | 6 ஜூன், அதிகாலை 5:50

தூக்கம் வராததால் எழுதுகிறேன், நீளும்.

ராஜா சொல்லும் அந்த ஒரு நிமிஷம் உண்மை. ஆனால் அது எந்த நிமிஷம் என்பது சிமெண்டுக்குச் சிமெண்ட் மாறுகிறது. ஒரு சிமெண்டில் பழகிய கை அதே பழக்கத்தோடு இன்னொன்றைத் தொட்டால் அங்கேதான் கெடும்.

ஜிங்க் பாஸ்பேட்டில் பொறுமை வேண்டும். நன்றாக இறுகும் வரை எதையும் தொடக்கூடாது. கலக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து முதல் ஒன்பது நிமிஷம். அதற்குள் வழிந்ததைத் தோண்டினால் மார்ஜினில் முற்றாத சிமெண்ட் எச்சிலில் நனையும். இறுகிய பிறகு எக்ஸ்ப்ளோரர் நுனியை ஓரத்தில் வைத்து நெம்பினால் சில்லு சில்லாகத் தெறிக்கும், பல்லில் ஒட்டாது. சுத்தம் செய்வதில் இதைவிட எளிதான சிமெண்ட் எனக்குத் தெரியாது.

பாலிகார்பாக்சிலேட்டில் நடுவில் ஒரு ரப்பர் பருவம் வரும். கை பரபரக்கும், அப்போது இழுத்தால் மார்ஜினுக்கு அடியில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். அது கடந்து கெட்டியாகும் வரை காத்திருக்க வேண்டும். கருவியிலும் ஒட்டும், அதனால் கருவி முனையில் முன்பே கொஞ்சம் வாசலின்.

சாதா ஜி.ஐ.சி.யும் உதிரும் வகைதான், ஆனால் ஜிங்க் பாஸ்பேட் அளவுக்குச் சுத்தமாக வராது, ஏனென்றால் இது பல்லில் ஒட்டும். இறுகி உடையும் பதத்துக்கு வந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும்.

ரெசின் கலந்த ஜி.ஐ.சி.யில் கதை தலைகீழ். இங்கே ரப்பர் பருவம்தான் சரியான நேரம். கிரவுனை உட்காரவைத்து இரண்டு மூன்று நிமிஷத்தில் மெழுகு போல மாறும், அப்போது ஓரத்தைப் பிடித்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். சில சரக்குகளில் சில விநாடி லைட் காட்டி அந்தப் பருவத்தை வரவழைக்கலாம். போன் பேசிவிட்டு வந்தால் பருவம் தப்பிவிடும், பிறகு ஸ்கேலரும் வியர்வையும்தான்.

ரெசினில் பருவம் இன்னும் குறுகியது. லைட் காட்டினால் மேல்தோல் ஜெல்லாகும், ஈறுக்கு அடியில் வெளிச்சம் போகாத இடத்தில் சிமெண்ட் இன்னும் திரவமாகவே இருக்கும். நாடா போல வந்ததைப் பார்த்து முழுதும் வந்துவிட்டது என்று நினைப்போம். மிஞ்சியது தானாக இறுகும். அதிகமாக லைட் காட்டிவிட்டால் பர் வைத்துத் தேய்க்கும் நிலை. வேரின் மேல் பர் படக்கூடாது, புது மார்ஜினில் படக்கூடாது. கடைசி மோலாரின் பின்பக்கத்தில் அது எதையும் தொடாமல் போகுமா?

பல்லிடுக்கு எந்த சிமெண்டிலும் ஒன்றுதான். ஃப்ளாஸில் நடுவே ஒரு முடிச்சுப் போட்டு, இடுக்கில் இறக்கி, பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுங்கள். மேல்நோக்கிச் சுண்டினால் இறுகாத கிரவுன் கூடவே எழும்பும். கிரவுனை ஒரு விரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வேக்ஸ்கத்தி | 6 ஜூன், காலை 8:10

டாக்டர், கிரவுன் நிறைய சிமெண்ட் ஊற்றுவதையும் சொல்லியிருக்கலாம். திரும்பி வரும் கிரவுன்களில் உள்ளே கூரை வரை நிரப்பிய அடையாளம் தெரியும். சுவர்களில் மெல்லப் பூசினால் போதாதா?

கண்ணாடிப்பலகை | 6 ஜூன், காலை 8:45

போதும். உள்சுவரின் கீழ்ப் பாதியில், மார்ஜின் பக்கமாக, பிரஷ்ஷால் ஒரு மெல்லிய பூச்சு. வழிவது குறைந்தால் எடுக்க வேண்டியதும் குறையும். இம்பிளாண்டில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், கிரவுனை வாய்க்கு வெளியே, இம்பிளாண்டின் மேல் கிரவுனைத் தாங்கும் அபட்மென்டின் ஒரு மாதிரியில் முதலில் அழுத்தி அங்கேயே வழியவிட்டு, துடைத்துவிட்டு, அப்புறம் வாயில் வைப்பார்கள். உள்ளே எஞ்சுவது படலத்துக்கு வேண்டிய அளவு மட்டுமே.

செங்கல்_சிவில் | 6 ஜூன், காலை 9:30

முதலில் வெளியே அமுக்கி வழியவிட்டு அப்புறம் பொருத்துவதா. இந்த யோசனை டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு வரவில்லையே. இன்னொரு சந்தேகம்: ஐயாவின் பெயர் ஏன் கண்ணாடிப்பலகை?

கண்ணாடிப்பலகை | 6 ஜூன், இரவு 10:05

ஜிங்க் பாஸ்பேட் கலக்கும் தடித்த கண்ணாடிப் பலகை. கல்லூரியில் அதைக் கழுவியே பாதி நாள் போனது. கேட்டதால் சொல்கிறேன், இதற்கும் கரைதிறனுக்கும் சம்பந்தம் உண்டு.

அந்தச் சிமெண்ட் கலக்கும்போது சூடாகும். சூடு ஏறினால் வேகமாக இறுகிவிடும், பொடி முழுதாகச் சேராது. அதனால் பொடியைச் சிறு பங்குகளாகப் பிரித்து, முதல் பங்கு மிகச் சிறியதாக, பலகையின் பாதிப் பரப்பு முழுக்க விரித்து விரித்துக் கலக்க வேண்டும். ஒன்றரை நிமிஷம் ஆகும். கலப்பானைத் தூக்கினால் ஏறக்குறைய 2 செ.மீ. நூலாக எழும்பி அறுபட வேண்டும், அதுதான் பதம். பலகை குளிர்ந்திருந்தால் அதே திரவத்தில் அதிகப் பொடி சேரும். பொடி கூடினால் வலிமை கூடும், கரைவது குறையும்.

சரி, அப்படியானால் பலகையை ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமே என்று தோன்றும். சென்னையில் ஆகஸ்டில் அதைச் செய்து பாருங்கள். வெளியே எடுத்த அடுத்த கணம் பலகையில் நீர் வேர்த்துவிடும். அந்த ஈரம் கலவைக்குள் போனால் சிமெண்ட் வேகமாக இறுகும், பலமும் போகும். குளிர்ந்திருக்க வேண்டும், வேர்க்கும் அளவுக்குக் குளிரக் கூடாது. ஏ.சி. இல்லாத அறையில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகச் சிறியது.

ஜி.ஐ.சி.க்கும் இதே பிரச்சினை உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் வேலை நேரம் 23 டிகிரிக்கான கணக்கு. மே மாதம் மின்சாரம் போன அறையில் அது பாதியாகிவிட்டது போலிருக்கும். ஓரத்தில் இறுக ஆரம்பித்த கலவையை அழுத்தி உட்கார வைத்தால் படலம் தடிக்கும், கிரவுன் உயரும். அசிஸ்டெண்ட் அக்கா மூன்றாவது சொட்டு விடுவதற்குப் பின்னால் பாதி நாட்கள் இந்த வெயில்தான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

கோவை_கடைவாய் | 7 ஜூன், இரவு 8:20

படங்களைப் பார்த்துவிட்டேன், நேற்று நோயாளியையும் பார்த்துவிட்டேன். பழைய சிமெண்ட் கிட்டத்தட்ட முழுக்கப் பல்லின் மேலேயே படலமாக இருக்கிறது. கிரவுனின் உள்பக்கம் பளபளவென்று, கழுவி வைத்த கிண்ணம் மாதிரி. லேபுக்குப் போன் செய்தேன். சாண்ட்பிளாஸ்ட் செய்யவில்லையாம், சீட்டில் எழுதவில்லையாம். ட்ரையலின்போது எச்சில் பட்டதையும் நான் பாஸ்பாரிக் அமில ஜெல்லால் கழுவியிருந்தேன்.

கண்ணாடிப்பலகை | 7 ஜூன், இரவு 9:40

இதுதான் நான் கேட்டது. சிமெண்ட் பல்லில் தங்கி, கிரவுன் வெறுமையாக வந்தால், பிடிப்பு விட்ட இடம் கிரவுன் பக்கம். சிமெண்ட் கிரவுனுக்குள் தங்கிப் பல் வெறுமையாக இருந்தால் பல் பக்கம்: ஈரம், அழுக்கு, அல்லது சாய்வான சுவர். நடுவே பிளந்து இரண்டிலும் பாதிப் பாதி இருந்தால்தான் சிமெண்டின் சொந்த வலிமையைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையதில் ஜி.ஐ.சி. பல்லை விடவே இல்லை. அதைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

பாஸ்பாரிக் ஜெல்லை ஜிர்கோனியாவில் போடாதீர்கள். எச்சிலில் உள்ள பாஸ்பேட் ஏற்கெனவே அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், ஜெல் மேலும் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். ஜிர்கோனியாவையும் ரெசினையும் பிணைக்கும் எம்.டி.பி. பிரைமர் பிடிக்க வேண்டிய இடங்கள் அதனாலேயே நிரம்பிவிடும். கண்ணாடிச் சத்துள்ள செராமிக்கில் அந்த ஜெல்லைச் சுத்தம் செய்யப் பயன்படுத்துவார்கள், அந்தப் பழக்கம் இங்கே வந்துவிடுகிறது.

என்ன செய்யலாம். பல்லில் உள்ள படலத்தை எடுத்து, பியூமிஸ் குழைத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாயில் வைத்துப் பார்க்கும் வேலைகளை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிரவுனின் உள்பக்கம் 50 மைக்ரான் அலுமினா, 2 பாருக்குள், மேட் ஆகும் வரை. கழுவி உலர்த்தி எம்.டி.பி. பிரைமர். அதன்பின் ரெசின். ஆம் ராஜா, ரெசின். ஆனால் பின்பக்க மார்ஜின் ஈறுக்கு மேலே இருக்கிறதா என்று முதலில் சொல்லட்டும்.

கோவை_கடைவாய் | 7 ஜூன், இரவு 10:00

பின்பக்கம் ஈறுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர். தொட்டால் ரத்தம் வருகிறது.

ரெசின்_ராஜா | 7 ஜூன், இரவு 10:20

ஈறை ஒதுக்கும் நூலான ரிட்ராக்ஷன் கார்டு வைத்து, ரத்தம் நிறுத்தி, ஒட்டிய பிறகு கார்டை உருவினால் சிமெண்டும் கூடவே வரும். நான் செய்வது அதுதான்.

கண்ணாடிப்பலகை | 8 ஜூன், காலை 6:15

கார்டு நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். ஆனால் ரத்தம் வரும் ஈறில் அதே நாளில் ரெசின் வேண்டாம். ஈறை ஆறவிடுங்கள், ஓரம் சரியாக அமைந்த டெம்பரரி கிரவுன் ஒன்றை வைத்து ஒரு வாரம் விட்டால் பெரும்பாலும் அடங்கும். அப்போதும் ரத்தம் நிற்கவில்லையென்றால் என் கை ரெசின் கலந்த ஜி.ஐ.சி. பக்கம்தான் போகும். உள்பக்கம் சாண்ட்பிளாஸ்ட் செய்த ஜிர்கோனியாவோடு அது நன்றாகவே பிடிக்கும், ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், பின்பக்கத்தில் ஒரே துண்டாக உரிந்து வரும்.

ரெசின்_ராஜா | 8 ஜூன், காலை 7:30

2 மி.மீ. உயரத்துக்கு அது போதாது. மறுபடியும் கழலும். பந்தயம்.

கண்ணாடிப்பலகை | 8 ஜூன், காலை 7:50

கழன்றால் எந்த சிமெண்டும் தீர்வில்லை என்று அர்த்தம். அப்போது கன்னப்பக்கமும் நாக்குப் பக்கமும் பல்லில் பள்ளக்கோடு செதுக்கி, அல்லது ஈறை வெட்டி உயரம் கூட்டி, புதுக் கிரவுன் செய்ய வேண்டும். இரண்டாவது கிரவுனுக்குப் பணம் யார் தருவது என்பதில் உங்கள் பந்தயத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வேக்ஸ்கத்தி | 8 ஜூன், காலை 9:05

புதுசு செய்வதாக இருந்தால் அந்தப் பள்ளம் 1 மி.மீ.யாவது அகலம் இருக்கட்டும். மில்லின் பர் அதைவிடச் சின்ன இடத்துக்குள் போகாது, உள்பக்கம் வேண்டியதைவிட அதிகமாகத் தோண்டிவிடும். அந்த இடத்தில் சிமெண்ட் தடிக்கும். சீட்டில் சாண்ட்பிளாஸ்ட் என்றும் எழுதுங்கள்.

கோவை_கடைவாய் | 8 ஜூன், மதியம் 1:15

எழுதிவிட்டேன், சிவப்பு மையில். நோயாளிக்குப் பதினேழாம் தேதி நேரம் கொடுத்திருக்கிறேன். ஈறு அடங்கியிருந்தால் ராஜா வழி, இல்லையென்றால் பலகை ஐயா வழி. சாதா ஜி.ஐ.சி.யையும் தூக்கிப் போடப் போவதில்லை. ஸ்கூப்புப் பக்கத்தில் மட்டும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: இரண்டு சொட்டு.

திருச்சி_வாசகர் | 8 ஜூன், மதியம் 2:40

எனக்கு அடுத்த மாதம் இன்னொரு கேப் போடுகிறார்கள். எந்த சிமெண்ட் போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

கண்ணாடிப்பலகை | 8 ஜூன், இரவு 9:30

சிமெண்டின் பெயரைக் கேட்பதைவிட, மார்ஜின் ஈறுக்கு எவ்வளவு அடியில் இருக்கிறது என்று கேளுங்கள். இம்பிளாண்ட் என்றால் சிமெண்டே இல்லாமல் ஸ்குரூ போட்டு வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கோபிக்கலாம்.